சிஸ்டத்தில் 640, ரேக்கில் 497: இருப்பு வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கும் வழி

சரக்கை எண்ணி முடித்ததும் சிஸ்டம் ஒரு எண்ணைச் சொல்கிறது, எண்ணியவர் கையில் இருக்கும் தாள் வேறொன்றைச் சொல்கிறது. பெரும்பாலானவர்கள் அப்போது செய்வது ஒன்றுதான்: வித்தியாசத்தை ஸ்டாக் அட்ஜஸ்ட்மென்டில் போட்டு, சிஸ்டத்தைத் தாளோடு சமமாக்கிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். இரண்டு மாதம் கழித்து அதே பொருளில் மறுபடி வித்தியாசம் வரும். இந்த முறை எதிர்ப்பக்கமாக.

நான் அட்ஜஸ்ட்மென்டைக் கடைசியில்தான் தொடுவேன். வித்தியாசத்தின் அளவே பல நேரம் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். அது பெட்டிக் கணக்கில் வருகிறதா, ஒரு பில்லின் அளவோடு பொருந்துகிறதா, பக்கத்துப் பொருளில் எதிர்ப்பக்கம் தெரிகிறதா என்று பார்த்தால் தேடும் இடம் சுருங்கிவிடும். கீழே அறிகுறி வாரியாகச் சொல்கிறேன். நடுநடுவே ஒரே பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு போகலாம்: 9 வாட் எல்.இ.டி. பல்பு, வெள்ளை ஒளி. காலை 9 மணிக்கு சிஸ்டத்தில் 640. பதினொன்றரைக்கு எண்ணியது 497. குறைவு 143.

## தேடுவதற்கு முன்

மூன்று விஷயங்கள் கையில் இருக்க வேண்டும்.

முதலாவது, எண்ணத் தொடங்கும் முன் எடுத்த இருப்புப் பட்டியல், எடுத்த நேரத்தோடு. அதைத் தனிக் கோப்பாகச் சேமித்து வையுங்கள். "அந்தத் தேதியின் இருப்பை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்" என்று விட்டால், யாராவது முன்தேதியிட்டு ஒரு பில் போட்டதும் அந்தத் தேதியின் இருப்பும் மாறிவிடும். நேற்று 640 காட்டிய அறிக்கை இன்று 628 காட்டும். நீங்கள் எதோடு ஒப்பிட்டீர்கள் என்பதற்கே சாட்சி இருக்காது.

இரண்டாவது, அந்தப் பொருளின் எண்ணிக்கையும் சிஸ்டமும் கடைசியாக ஒத்துப்போன நாள். பிழை அந்த நாளுக்கும் இன்றைக்கும் நடுவில்தான் இருக்கிறது. அது தெரியாமல் லெட்ஜரை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தால் பொழுது போகுமே தவிர வேலை நடக்காது.

மூன்றாவது, அந்தப் பொருளின் லெட்ஜர். வந்தது, போனது, அளவு, அடக்க விலை, பில் எண், ஆவணத் தேதி, பதிவு செய்த நேரம் என எல்லாம் ஒரே தாளில் வேண்டும். ஆவணத் தேதியும் பதிவு நேரமும் தனித்தனியாக இருப்பது முக்கியம். பல பிழைகள் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஒளிந்திருக்கும்.

## அறிகுறி: மறுபடி எண்ணினால் வேறு எண் வருகிறது

இது சிஸ்டத்தின் கோளாறு இல்லை. எண்ணிய முறையின் கோளாறு. இதைச் சரிசெய்யாமல் லெட்ஜர் பக்கமே போகாதீர்கள்.

மறு எண்ணிக்கையை முதலில் எண்ணியவரிடமே கொடுக்கக் கூடாது. எண்ணுபவருக்கு சிஸ்டம் எண்ணையும் காட்டக் கூடாது. 640 இருக்க வேண்டும் என்று தெரிந்தவர் 640 வரும்வரை தேடுவார், அதற்கு மேல் ஒரு பெட்டிகூடத் தேட மாட்டார். தாளில் மொத்தத்தை மட்டும் எழுதாமல் எந்த ரேக், எத்தனை பெட்டி, பெட்டிக்கு எத்தனை, உதிரி எத்தனை என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுதியிருந்தால்தான் எங்கே விட்டுப்போனது என்று பார்க்க முடியும்.

வழக்கமான ரேக்கில் இல்லாத சரக்கு இருக்கும் இடங்கள் அநேகமாக எல்லாக் கிடங்கிலும் ஒன்றுதான்: ரேக்கின் மேல்தட்டு, சரக்கு இறக்கும் இடம், பேக்கிங் மேசையின் அடி, ரிட்டர்ன் குவியல், அப்புறம் "இதைத் தனியா வை" என்று யாரோ ஒதுக்கிய மூலை. நம் பல்பில் 20 பீஸ் பெட்டி ஒன்று மேல்தட்டில் வேறு பொருளின் பெட்டிகளுக்குப் பின்னால் இருந்தது. எண்ணிக்கை 517 ஆனது. குறைவு 123.

இன்னொன்று: மூடிய பெட்டி என்றால் முழுப்பெட்டி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. டேப் ஒட்டியிருந்தாலும் கையில் தூக்கிப் பாருங்கள், சந்தேகம் வந்தால் திறந்துவிடுங்கள். ஒன்று எடுத்துவிட்டு மறுபடி ஒட்டிய பெட்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

## அறிகுறி: ஒரே நாளில் பல பொருட்களில் சின்னச் சின்ன வித்தியாசம்

பத்துப் பொருள் எண்ணினால் ஏழில் வித்தியாசம், அதுவும் நன்றாக ஓடும் பொருட்களில் மட்டும் என்றால், முதலில் நேரத்தைச் சந்தேகியுங்கள். பட்டியல் எடுத்த நேரமும் எண்ணிய நேரமும் வேறு. நடுவில் சரக்கு உள்ளே வந்திருக்கிறது, வெளியே போயிருக்கிறது.

எண்ணும்போது வேலையை முழுதாக நிறுத்திவிட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை. நிறுத்த முடியாத இடத்தில், எண்ணியதைப் பட்டியல் எடுத்த நேரத்துக்குப் பின்னோக்கிக் கொண்டுபோக வேண்டும். எண்ணியதோடு நடுவில் வெளியே போனதைக் கூட்டி, நடுவில் உள்ளே வந்ததைக் கழிக்க வேண்டும். லெட்ஜர் எக்செல் தாளில் இருந்தால் ஒரு வரி போதும். A நிரலில் நேரம், B-இல் பொருள், C-இல் வரவு, D-இல் செலவு; G2-இல் பொருளின் பெயர், H2-இல் பட்டியல் எடுத்த நேரம், I2-இல் எண்ணிய நேரம், F2-இல் எண்ணியது:

```
=F2+SUMIFS(D:D,B:B,G2,A:A,">"&H2,A:A,"<="&I2)
   -SUMIFS(C:C,B:B,G2,A:A,">"&H2,A:A,"<="&I2)
```

A நிரலில் போடும் நேரம் சரக்கு நிஜமாக ரேக்கை விட்டு நகர்ந்த நேரமாக இருக்க வேண்டும், பில் அடித்த நேரமாக அல்ல. நேற்று மாலையே பில் அடித்துவிட்டு இன்று காலை பத்து மணிக்குச் சரக்கை எடுத்துக் கொடுத்தால், 9 மணிப் பட்டியலில் அது ஏற்கெனவே கழிக்கப்பட்டிருக்கும், ரேக்கில் மட்டும் இருக்கும். மறுபக்கமும் உண்டு: சரக்கு காலையிலேயே வந்து இறங்கிவிட்டது, பர்ச்சேஸ் எண்ட்ரி மதியம்தான். எண்ணியவர் அதையும் சேர்த்து எண்ணியிருப்பார். இந்த வகைச் சரக்கை எண்ணும் நாளில் வண்ணத் தாள் ஒட்டித் தனியாக நிறுத்திவிடுவதுதான் எளிய வழி. பில் ஆகி அனுப்பாதது ஒரு நிறம், வந்து பதிவாகாதது இன்னொரு நிறம்.

நம் பல்பில் 10:10-க்கு 15 பீஸ் பில் ஆகி உடனே வெளியே போயிருந்தது. 517-உடன் 15 சேர்த்தால் காலை 9 மணிக்கு ரேக்கில் 532 இருந்திருக்கிறது. குறைவு 108.

இதுவரை சிஸ்டத்தில் எதையும் திருத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். 35 பீஸ் எண்ணும் பக்கத்தின் பிழை மட்டுமே. காலையிலேயே அவசரப்பட்டு 143-ஐக் கழித்திருந்தால், 10:10 பில்லும் கழிந்து சிஸ்டம் 482-இல் நின்றிருக்கும். ரேக்கில் 517. இல்லாத ஒரு 35 பீஸ் உபரியை நாமே உருவாக்கியிருப்போம்.

## அறிகுறி: ஒன்றில் குறைவு, அதன் ஜோடியில் அதிகம்

ஒரு பொருளில் குறைவு என்றதும் அந்தப் பொருளின் லெட்ஜரை மட்டும் நோண்டிக்கொண்டிருப்பது வழக்கமான தவறு. முதலில் அதன் உறவுக்காரப் பொருட்களைப் பாருங்கள்: அதே பிராண்டில் வேறு நிறம், அதே திருகில் வேறு நீளம், பெயரில் கடைசி எழுத்து மட்டும் மாறும் பொருள், ரேக்கில் பக்கத்துப் பெட்டி. அங்கே அதிகம் இருந்தால், ஒன்றுக்குப் பில் போட்டு மற்றொன்றை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அல்லது வரவில் பெட்டியைப் படிக்காமல் ஒன்றின் பெயரில் ஏற்றியிருக்கிறார்கள்.

மஞ்சள் ஒளி பல்பை எண்ணினோம். சிஸ்டத்தில் 210, ரேக்கில் 222. அதிகம் 12. லெட்ஜரில் மஞ்சள் ஒளிக்கு 12 பீஸ் பில் ஒன்று இருந்தது. வாங்கியவரிடம் கேட்டதில் வந்தது வெள்ளை ஒளிதான் என்றார். வெள்ளையின் குறைவில் 12 இதற்குப் போனது. மீதி 96.

அளவு அச்சாகப் பொருந்த வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒன்றில் 108 குறைவு, மற்றதில் 12 அதிகம் என்றால் "பொருந்தவில்லை" என்று ஒதுக்கிவிடத் தோன்றும். குறைவுக்கு ஒரே காரணம் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சொல்லப்போனால், பெரிய வித்தியாசம் அநேகமாக நான்கைந்து சின்னப் பிழைகளின் கூட்டுதான்.

இதனாலேயே மொத்த வித்தியாசத்தைப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது. வெள்ளையில் 12 குறைவும் மஞ்சளில் 12 அதிகமும் ஒன்றையொன்று அடித்துவிட்டு "மொத்தம் பூஜ்யம்" என்று அறிக்கையில் அழகாக நிற்கும். பொருள் வாரியாக, குறைவு அதிகம் என்ற குறியை எடுத்துவிட்டுக் கூட்டிப் பாருங்கள். 24 பீஸ் தப்பு என்று அப்போதுதான் தெரியும்.

## அறிகுறி: வித்தியாசம் பெட்டிக் கணக்கில் வருகிறது, அல்லது அடக்க விலை திடீரென மாறியிருக்கிறது

வித்தியாசம் 20, 40, 100 என்று பெட்டி அளவின் மடங்காக வந்தால் யூனிட் மாற்றத்தைப் பாருங்கள். வாங்குவது பெட்டியில், விற்பது பீஸில் என்றால் சிஸ்டத்தில் எங்கோ "1 பெட்டி = 20 பீஸ்" என்று எழுதியிருக்கும். சப்ளையர் ஒரு நாள் பெட்டியின் அளவை மாற்றுவார். அதை யாரும் சிஸ்டத்துக்குச் சொல்ல மாட்டார்கள். இன்னொரு ரகம், 5 பெட்டி என்று போட வேண்டிய இடத்தில் 5 பீஸ் என்று போடுவது. அப்போது சிஸ்டம் 95 குறைவாகக் காட்டும்.

நம் கணக்கில் மீதி 96. அது 20-இன் மடங்கு இல்லை. அதனால் இந்த வழியை நான் முதலில் விட்டுவிட்டேன். 96 பீஸ் பில் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன், இல்லை. 48-க்குத் தேடினேன் (ஏன் பாதி என்று அடுத்த பகுதியில் சொல்கிறேன்), அதுவும் இல்லை. அப்புறம்தான் லெட்ஜரில் அளவு நிரலை விட்டுவிட்டு அடக்க விலை நிரலை மேலிருந்து கீழே படித்தேன். எல்லா வரவிலும் ஏறக்குறைய ஒரே விலை. ஒரு வரியில் மட்டும் சரியாகப் பாதி.

அந்த வரவு 10 பெட்டி, 200 பீஸ் என்று ஏறியிருந்தது. சப்ளையரின் பில்லை எடுத்துப் பார்த்தால் 10 பெட்டி, பெட்டிக்கு 10 பீஸ். வந்தது 100 பீஸ்தான். பில்லின் மொத்தத் தொகையைச் சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள். அதனால் கொடுக்க வேண்டிய பணம் தப்பவில்லை, கணக்குப் பிரிவில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தொகையை 100-க்குப் பதிலாக 200-ஆல் வகுத்ததில் ஒரு பீஸின் அடக்கம் பாதியாகிவிட்டது. அளவில் யூனிட் பிழை இருந்தால் விலையில் அதன் நிழல் விழும். வேறு பிழைகள் கூடவே கலந்து அளவு குழம்பியிருந்தாலும் இந்த நிழல் தனியாகத் தெரியும். அதனால் இப்போதெல்லாம் வித்தியாசம் பெட்டிக் கணக்கில் வந்தாலும் வராவிட்டாலும் அடக்க விலை நிரலை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுகிறேன்.

100-ஐ விளக்கிவிட்டோம். மீதி 96-தான் இருந்தது. இப்போது 4 அதிகம் நிற்கிறது.

நிறையப் பேர் இங்கே நிறுத்திவிடுவார்கள். 143-இல் ஆரம்பித்து 4-க்கு வந்தாயிற்று, போதாதா? எண்ணுவதற்கு மட்டும் என்றால் போதும். ஆனால் குறைவு அதிகமாக மாறியிருக்கிறது என்றால், எதிர்ப்பக்கம் ஒரு பிழை நிச்சயம் இருக்கிறது. சின்ன எண் என்பதால் தேடுவதும் சுலபம்.

## அறிகுறி: வித்தியாசம் ஒரு பில்லின் அளவு, அல்லது அதைப்போல் இரண்டு மடங்கு

வித்தியாசம் ஒரு ஆவணத்தின் அளவோடு அப்படியே பொருந்தினால் இரண்டே வாய்ப்பு. அந்த ஆவணம் பதிவாகவே இல்லை, அல்லது இரண்டு முறை பதிவாகியிருக்கிறது.

பதிவாகாததை சிஸ்டத்துக்குள் தேடி என்ன பயன்? வாசலில் இருக்கும் வரவுப் புத்தகம், டெலிவரி சலான் கட்டு, சேதமானதை ஒதுக்கிய சீட்டு, மாதிரிக்குக் கொடுத்ததற்கான கையெழுத்து ஆகியவற்றை வரிசை எண்ணோடு அடுக்கிப் பாருங்கள். எண் விட்டுப்போன இடத்தில் விஷயம் இருக்கும்.

இரட்டைப் பதிவு பெரும்பாலும் வரவில்தான் நடக்கும். சலான் வந்ததும் ஒருவர் ஏற்றுவார், இரண்டு நாள் கழித்து பில் வந்ததும் இன்னொருவர் ஏற்றுவார். சப்ளையரின் பில் எண் இரண்டிலும் ஒன்றாக இருந்தால், B-இல் பொருள், E-இல் சப்ளையர் பில் எண், C-இல் அளவு என்று வைத்துக்கொண்டு இதைப் போட்டால் 1-க்கு மேல் வரும் வரிகள் எல்லாம் சந்தேகத்துக்கு உரியவை:

```
=COUNTIFS(B:B,B2,E:E,E2,C:C,C2)
```

ஒன்றில் சலான் எண்ணும் மற்றதில் பில் எண்ணும் போட்டிருந்தால் இது பிடிக்காது. அப்போது ஒரே சப்ளையர், ஒரே அளவு, ஒரு வாரத்துக்குள் என்று கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

இரண்டு மடங்கு என்பது வேறு கதை. வர வேண்டியது போனதாகவோ, போக வேண்டியது வந்ததாகவோ பதிவானால் வித்தியாசம் அந்த அளவைப்போல் இரு மடங்காகும். அதனால்தான் வித்தியாசத்தின் பாதியையும் தேட வேண்டும் என்றேன். நம்மிடம் 4 அதிகம். 4 பீஸ் பில் எதுவும் பொருந்தவில்லை. 2 பீஸ் என்று தேடினால் ஒரு விற்பனை வரி, குறிப்பில் "மாத்தித் தரணும்" என்று எழுதியிருக்கிறது. வாடிக்கையாளர் 2 பல்பைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார், அதை ரிட்டர்னாகப் போடாமல் விற்பனையாகப் போட்டிருக்கிறார்கள். ரேக்கில் 2 கூடியது, சிஸ்டத்தில் 2 குறைந்தது. இடைவெளி 4.

(திரும்பி வந்த பல்பு எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அதை நல்ல இருப்பில் சேர்க்க வேண்டும். இவை இரண்டும் எரிந்தன. வாங்கியவருக்கு மாட்டும் அடி பொருந்தவில்லை, அவ்வளவுதான்.)

## அறிகுறி: வித்தியாசம் 9-ஆல் வகுபடுகிறது

கணக்கர்களின் பழைய சாவி இது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை மாற்றி எழுதினால் வித்தியாசம் எப்போதும் 9-இன் மடங்காக இருக்கும். 163-ஐ 136 என்று எழுதினால் 27, 54-ஐ 45 என்று எழுதினால் 9. முதலில் எண்ணிய தாளையும், அடுத்ததாகக் கையால் எழுதி ஏற்றிய ஆவணங்களையும் பாருங்கள். ஆனால் எந்த எண்ணும் ஒன்பதில் ஒரு தடவை தற்செயலாகவே 9-ஆல் வகுபடும். நம் 108-கூட வகுபட்டது, அதற்கும் இலக்க மாற்றத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஐந்து நிமிடம் பாருங்கள், கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

## அறிகுறி: சிஸ்டத்தில் மைனஸ்

ரேக்கில் மைனஸ் சரக்கு இருக்க முடியாது. அதனால் சிஸ்டம் −8 காட்டினால் எண்ணாமலேயே பிழை என்று தெரிந்துவிடும். அந்த வகையில் இது நல்ல அறிகுறி.

லெட்ஜரில் இருப்பு முதன்முதலாகப் பூஜ்யத்துக்குக் கீழே போன வரியைப் பிடியுங்கள். அதற்கு முன் வந்திருக்க வேண்டிய ஏதோ ஒரு வரவு பதிவாகவில்லை, அல்லது தாமதமாக, அல்லது வேறு பொருளின் பெயரில் பதிவாகியிருக்கிறது. பல பொருட்களைச் சேர்த்து செட்டாக விற்கும் இடத்தில், செட் கட்டியதைப் பதியாமலே செட்டை விற்றிருப்பார்கள். செட் மைனஸில் போகும், அதன் உதிரிகள் எல்லாம் ஒரே அளவில் கூடுதலாகக் காட்டும். அந்த ஒரே அளவுதான் அடையாளம்.

## அறிகுறி: எத்தனை முறை சரிசெய்தாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது

எந்த ஆவணமும் பொருந்தாது, ஆனால் ஒவ்வொரு எண்ணிக்கையிலும் குறைவு. உடனே எல்லோர் மனதிலும் வருவது திருட்டு. அந்தச் சொல்லை வாயில் எடுக்கும் முன் ஒரு வகுத்தல் போட்டுப் பாருங்கள்: ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் இடையில் எவ்வளவு பொருள் பயன்பட்டது, அதில் குறைவு எத்தனை சதவீதம்?

ஒரு மூலப்பொருளில் மூன்று எண்ணிக்கைகளுக்கு இடையே 400, 650, 300 கிலோ பயன்பட்டது, குறைவு 8, 13, 6 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மூன்றிலும் 2 சதவீதம். பயன்பாடு கூடினால் குறைவும் கூடுகிறது, குறைந்தால் குறைகிறது. திருடுபவர் இப்படிச் சதவீதம் பார்த்து எடுப்பது அரிது. இது அளவையின் பிரச்சினை அல்லது சேதாரம். ஒரு பொருள் செய்ய 1 கிலோ என்று சிஸ்டத்தில் எழுதியிருக்கும், நிஜத்தில் 1.02 கிலோ போகும். சுருளிலிருந்து வெட்டிக் கொடுக்கும் ஒயரில் ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு விரற்கடை அதிகம் போகும். இங்கே அட்ஜஸ்ட்மென்ட் போட்டுக்கொண்டே இருப்பதைவிட, உற்பத்திப் பட்டியலில் இருக்கும் அளவைத் திருத்துவதும், தராசைத் தெரிந்த எடைக்கல் வைத்துச் சோதிப்பதும்தான் வேலை.

சதவீதம் எண்ணிக்கைக்கு எண்ணிக்கை தாவினால், பயன்பாடே இல்லாத காலத்தில் குறைந்தால், கைக்கு அடக்கமான விலை உயர்ந்த பொருட்களில் மட்டும் நடந்தால், அப்போது வேறு மாதிரி யோசிக்க வேண்டியதுதான். அந்தச் சில பொருட்களை மட்டும் தினமும் காலையும் மாலையும் எண்ணுங்கள். எந்த நேரத்துக்கும் எந்த நேரத்துக்கும் நடுவில் குறைகிறது என்று தெரிந்தால் பாதி விடை கிடைத்தமாதிரி.

## இரண்டு பக்கமும் சந்திக்கும் இடம்

தேடி முடித்ததும் பேங்க் கணக்கை ஒத்துப்பார்ப்பதுபோல இரண்டு பக்கமாக எழுதுவேன். ஒரு பக்கம் சிஸ்டத்தின் பிழைகள், மறுபக்கம் எண்ணியதன் பிழைகள். இரண்டையும் கலக்கக் கூடாது.

| சிஸ்டம் பக்கம் | | எண்ணிய பக்கம் | |
|---|---|---|---|
| காலை 9 மணி இருப்பு | 640 | எண்ணியது | 497 |
| மஞ்சள் பில்லுக்குப் போன வெள்ளை | −12 | மேல்தட்டில் விடுபட்டது | +20 |
| பெட்டி அளவுப் பிழை | −100 | 9 மணிக்குப் பின் போனது | +15 |
| விற்பனையாகப் பதிவான ரிட்டர்ன் | +4 | | |
| திருத்திய இருப்பு | 532 | திருத்திய இருப்பு | 532 |

இப்போது சிஸ்டத்தில் கை வைக்கலாம். எண்ணிய பக்கத்தின் 35-க்கு எந்த எண்ட்ரியும் கிடையாது. சிஸ்டம் பக்கத்தின் மூன்றையும் அதனதன் ஆவணத்திலேயே திருத்த வேண்டும், ஒரே அட்ஜஸ்ட்மென்டாக −108 போடக் கூடாது. எண் ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் அட்ஜஸ்ட்மென்ட் போட்டால் 108 பல்பு நஷ்டமானதாகக் கணக்கில் ஏறும். அதில் 100 பல்பு வரவேயில்லை, எப்படி நஷ்டமாகும்?

பெட்டி அளவுப் பிழைக்கு அந்த பர்ச்சேஸ் எண்ட்ரியைத் திறந்து 200-ஐ 100 ஆக்கினால் போதும், தொகை மாறாது, அடக்க விலை தானாகச் சரியாகும். அந்த மாதக் கணக்கை மூடிவிட்டார்கள் என்றால் பழைய எண்ட்ரியைத் தொடாமல், நடப்பு மாதத்தில் அதை ரத்து செய்யும் பதிவு ஒன்றும் சரியான பதிவு ஒன்றும் போடுங்கள். இடையில் விற்றவை தாழ்ந்த அடக்கத்தில் போயிருப்பதால் லாபம் கூடுதலாகத் தெரிந்திருக்கும், அதைக் கணக்காளரிடம் சொல்லிவிடுங்கள். பொருளின் மாஸ்டரில் பெட்டி அளவையும் அன்றே பாருங்கள். பழைய 20 பீஸ் பெட்டியும் புதிய 10 பீஸ் பெட்டியும் ஒரே காலத்தில் ரேக்கில் இருந்தால் இரண்டையும் தனித்தனி யூனிட்டாக வைக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த வரவில் இதே 100 மறுபடி வரும்.

மாறிப்போன 12-க்கு முதலில் வாடிக்கையாளரைக் கேட்க வேண்டும். அவர் திருப்பிக் கொடுத்து மஞ்சள் வாங்கிக்கொள்வதாக இருந்தால் எண்ட்ரியே வேண்டாம், மாற்றிக் கொடுத்ததும் இரண்டு ரேக்கும் சிஸ்டத்தோடு ஒத்துப்போகும். வெள்ளையையே வைத்துக்கொள்கிறார் என்றால்தான் பில் திருத்தம், அதைப் புதுப் பில்லாகப் போடுவதா கிரெடிட் நோட்டாகப் போடுவதா என்பதைக் கணக்காளர் சொல்லட்டும். நம் ஆள் வெள்ளையை மாட்டிவிட்டிருந்தார், அதனால் திருத்தம். ரிட்டர்னுக்குத் தவறான விற்பனையை ரத்து செய்து ரிட்டர்னாகப் போட்டாயிற்று.

எல்லாம் போட்டதும் சிஸ்டம் நேரலையில் 517 காட்ட வேண்டும், அதாவது 532-இலிருந்து 10:10 பில்லின் 15 போக. ரேக்கிலும் 517. மஞ்சள் ஒளி 222-க்கு 222.

எல்லாப் பொருளும் இப்படி முடியாது. சிலதில் 3, 4 பீஸ் எதற்கும் பொருந்தாமல் நிற்கும். அதற்கு மட்டும்தான் அட்ஜஸ்ட்மென்ட். காரணம் என்ற இடத்தில் "சேதம்" என்று வாய்க்கு வந்ததைப் போடாமல் "காரணம் தெரியவில்லை" என்றே போட்டு, தேதியும் தேடியவர் பெயரும் எழுதி, இன்னொருவர் ஒப்புதலோடு பதியுங்கள். அந்தப் பொருளைப் பத்து நாளில் மறுபடி எண்ணுங்கள். தேட வேண்டிய காலம் அப்போது பத்தே நாள்தான்.